ஆட்டுக்கொல்லி: சொல் விளக்கம்

கால்நடை மருந்தகங்களில் பி.பி.ஆர். என்ற மூன்றெழுத்தைப் பார்த்திருப்பீர்கள். விரித்துச் சொன்னால் 'பெஸ்த் தே பெத்தி ருமினான்'. இது பிரெஞ்சு. பெஸ்த் என்றால் கொள்ளைநோய், பெத்தி என்றால் சிறிய, ருமினான் என்றால் அசைபோடும் விலங்கு. சிறிய அசைபோடும் விலங்குகள் என்பது வெள்ளாட்டையும் செம்மறியையும்தான். இந்நோய் 1942இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்டது. அப்போது அங்கே பிரெஞ்சு ஆட்சி. அதனால் பெயரும் பிரெஞ்சில் அமைந்துவிட்டது.

தமிழில் வழங்கும் பெயர் ஆட்டுக்கொல்லி நோய். சொல்ல எளிது, பயமும் புரிகிறது. ஆனால் ஆட்டைக் கொல்லும் நோய் இது ஒன்று மட்டுமா? துள்ளுமாரியும் கொல்லும், அடைப்பானும் கொல்லும். என்னைக் கேட்டால் 'ஆட்டு வெக்கை'தான் பொருத்தம். மாடுகளை ஒரு காலத்தில் வாரிக்கொண்டு போன வெக்கை நோயின் வைரஸும் இதன் வைரஸும் நெருங்கிய உறவு. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்ட அந்த நோயின் பெயரான ரிண்டர்பெஸ்ட் ஜெர்மன் சொல். 'மாட்டுக் கொள்ளைநோய்' என்று பொருள். இருந்தாலும் ஆட்டுக்கொல்லி என்றுதான் ஊரில் புரியும், அதையே வைத்துக்கொள்வோம்.

இந்த உறவுதான் நோயை ரொம்ப நாள் மறைத்தும் வைத்தது. ஆட்டுக்கு வந்தாலும் வெக்கை என்றே எண்ணினார்கள். இந்தியாவில் இது தனி நோய் என்று உறுதியானது 1987இல், விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே கிடைத்த வைரஸிலிருந்து பின்னர் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அந்த வைரஸ் வகைக்கு 'அரசூர் 87' என்றே பெயர்.

நோய் பட்டிக்குள் வரும் வழி பெரும்பாலும் சந்தைதான். இரண்டு குட்டிகளை வாங்கி வந்து அன்று மாலையே மந்தையோடு அடைக்கிறோம் என்று வையுங்கள். அவற்றில் ஒன்றுக்கு ஏற்கெனவே தொற்று இருந்தால் அதன் மூச்சு, சளி, கண்ணீர், சாணம் எல்லாவற்றிலும் வைரஸ் இருக்கும். பக்கத்தில் நின்ற ஆட்டுக்கு நாலைந்து நாளில் காய்ச்சல் ஆரம்பிக்கும், 104 முதல் 106 பாரன்ஹீட் வரை. கண்ணிலும் மூக்கிலும் முதலில் நீராக ஒழுகும். அப்புறம் அது கெட்டியாகி மூக்குத் துளையை அடைக்கும், இமைகள் ஒட்டிக்கொள்ளும். வாயைத் திறந்து பாருங்கள்: ஈறிலும் உதட்டின் உள்பக்கத்திலும் தவிடு அப்பினாற்போல் வெளுத்த படிவு, அடியில் புண், கெட்ட வாடை. இரை எடுக்காது. பிறகு கழிச்சல், இருமல், மூச்சுத் திணறல். சினை ஆடு குட்டியை வீசலாம். தடுப்பூசி போடாத மந்தையில் கடுமையாகத் தாக்கினால் பாதிக்கு மேல் செத்துவிடும்.

கழிச்சலை மட்டும் பார்த்து குடற்புழு என்று மருந்து ஊற்றிக் காத்திருப்பவர்கள் நாட்களை இழக்கிறார்கள். புழுவுக்குக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வராது. மூன்றும் சேர்ந்து வந்தால் அந்த ஆட்டைப் பிரித்துக் கட்டிவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது; மருத்துவர் போடும் ஊசி பின்னால் சேரும் நுரையீரல் தொற்றுக்கு, கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் நீரிழப்புக்கு. மனிதருக்கு இது தொற்றாது.

தடுப்பூசிதான் உண்மையான காவல். தோலுக்கடியில் 1 மில்லி. குறைந்தது மூன்று ஆண்டு தாங்கும். மூன்று, நான்கு மாதம் ஆன குட்டிக்குத்தான் போடுவார்கள். அதற்கு முன் சீம்பாலில் வந்த தாயின் எதிர்ப்புச் சக்தியே தடுப்பூசியின் வேலையைக் கெடுத்துவிடும். ஆண்டுதோறும் புதுக் குட்டிகள் பிறப்பதால், முகாமும் ஆண்டுதோறும் தேவைப்படுகிறது.

ஊசி போட்டும் நோய் வந்தது என்ற குறை அடிக்கடி காதில் விழும். பெரும்பாலும் சங்கதி குளிர்ச்சியில் இருக்கும். உள்ளே இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். வெயில் பட்டால் செத்துவிடும். உலர்ந்த தூளைக் கரைத்த பிறகு பனிக்கட்டியிலேயே வைத்து, ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். காலையில் கரைத்ததை மதியம் வரை திண்ணையில் வைத்துப் போட்டால் ஊசி குத்திய வலிதான் மிச்சம். இன்னொன்று, எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். தொற்று உள்ளே வந்த பிறகு போட்ட ஊசி அந்த ஆட்டைக் காப்பாற்றாது. ஆகவே சந்தையில் வாங்கியவற்றை மூன்று வாரம் தனிக் கொட்டிலில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு வைத்து, மூக்கு ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு மந்தையில் சேருங்கள்.