வாரச் சமையல் திட்டம்: காலண்டரா, போனா, எக்செல்லா?

உணவியல் ஆலோசனைக்கு வருபவர்களிடம் வாரச் சமையல் பட்டியலைக் கேட்பேன். பலர் போனை நீட்டுவார்கள். பட்டியல் அருமையாக இருக்கும். அதில் எத்தனை சமைத்தீர்கள் என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

ஒரு வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர், சர்க்கரை நோயுள்ள மாமியார். திட்டம் மருமகளின் போனில் இருந்தது. புதன் மாலை கொண்டைக்கடலைச் சுண்டல் என்று போட்டிருந்தார். கடலை எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். செவ்வாய் இரவு அதை ஊறப்போட வேண்டியவர் மாமியார். அவர் அந்தப் பட்டியலைப் பார்த்ததே இல்லை. புதனன்று சுண்டலுக்குப் பதில் ரஸ்க்.

நம் சமையலில் திட்டம் கெடுவது பெரும்பாலும் முந்தின இரவில்தான். அதனால் அடுப்படிச் சுவரில் கட்டம் போட்ட மாதக் காலண்டரைத்தான் முதலில் சொல்வேன். தினமும் கிழிக்கும் காலண்டர் இதற்கு உதவாது, வாரம் முழுவதும் ஒரே பார்வையில் தெரியாது. மாதக் காலண்டரில் அமாவாசை, கிருத்திகை எல்லாம் அச்சிலேயே இருக்கும். அசைவம் கூடாத நாளில் மீன் என்று எழுதிவிட மாட்டோம். எழுதும்போது, புதன் கட்டத்தில் ‘சுண்டல்’ என்றால், செவ்வாய் கட்டத்தில் ‘இரவு: கடலை ஊற’ என்றும் பென்சிலால் எழுத வேண்டும். ஞாயிறு மாவு அரைத்தால் திங்கள், செவ்வாய் இட்லி, புதன் தோசை, வியாழன் பணியாரம். மாவு புளிக்கும் வரிசையிலேயே கட்டங்கள் நிரம்பிவிடும்.

போனுக்குக் கடைப் பட்டியலைக் கொடுத்துவிடலாம். கணவன், மனைவி இருவர் போனிலும் தெரிகிற மாதிரி பகிர்ந்த நோட்ஸ் என்றால், யார் கடைக்குப் போனாலும் வாங்கியதை டிக் செய்யலாம். அவ்வளவு போதும்.

எக்செல்லில் வாராவாரம் திட்டம் போடும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். வண்ணமெல்லாம் அடிப்பார்கள், சில வாரத்தில் கைவிட்டுவிடுவார்கள். திட்டம் போடுவதைவிட, நடந்ததைச் சரிபார்க்க அது நல்ல கருவி. காலண்டரில் சமைக்காததை அடித்துவிட்டு, மாதக் கடைசியில் மிச்சத்தை மட்டும் நான்கு வாரத்துக்கு உள்ளிடுங்கள்: முதல் வரிசையில் தலைப்பு, A பத்தியில் தேதி, அதன் கீழ் வரிசைக்கு ஒரு நாள், மூன்று வேளைக்கு B, C, D என மூன்று பத்தி. அப்புறம் இது:

```
=COUNTIF(B2:D29,"*கீரை*")
```

கீரை இருக்கும் கட்டங்களின் எண்ணிக்கை வரும். ‘பாலக்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கணக்கில் சேராது, ‘பாலக்கீரை’ என்றே எழுதுங்கள்.

அந்த வீட்டில் வாரம் இரண்டு கீரை என்று எழுதியும் பாதிகூட நடக்கவில்லை. அடித்த கட்டங்களில் பெரும்பாலானவை வியாழக்கிழமை. ஞாயிறு சந்தையில் வாங்கிய கீரை அதுவரை தாங்குமா? ஒரு கீரையைத் திங்களுக்கு மாற்றினோம். இன்னொன்றுக்கு, வியாழன் சமைப்பதானால் புதன் மாலை வீடு திரும்பும்போது வாங்கி வர வேண்டும் என்று கணவரின் பட்டியலில் சேர்த்தோம்.