நகலின் முத்திரையில் இருக்கும் தேதிகள்

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை காலை. சொத்து வழக்கில் தோற்றுப்போன ஒரு விவசாயி மேல்முறையீடு செய்ய வந்திருந்தார். "தீர்ப்பு நகல் ஜூலை 19ஆம் தேதிதான் ஐயா தயாரானது. இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது" என்றார். உண்மையில் கெடு முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து சார்பு நீதிமன்றத்துக்குப் போக 30 நாட்கள். நகல் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்பு நாளிலிருந்தே அது ஓடுகிறது. ஆனால் நகலுக்காகச் செலவான நாட்களைக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துவிடுகிறது. அவருக்குத் தீர்ப்பு ஜூன் 10. கெடு ஜூலை 10. நகல் மனு போட்டது ஜூன் 28. அன்று முதல் ஜூலை 19 வரை 22 நாட்கள். அவற்றைக் கெடுவோடு சேர்த்தால் ஆகஸ்ட் 1 கடைசி நாள். மனு போடாமல் வீட்டில் இருந்த பதினேழு நாட்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். தீர்ப்புக்கு மறுநாளே தீர்ப்பு, தீர்ப்பாணை இரண்டுக்கும் மனு போட்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இப்போது தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டியதாயிற்று.

சான்றிட்ட நகலில் ஒரு முத்திரை இருக்கும்: மனு போட்ட நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள். கட்டணம் கேட்ட பிறகு நாம் தாமதித்த நாட்களும், தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் கழிவில் சேரா. ஆகவே மனு போட்டபின் நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையை அடிக்கடி பாருங்கள்.

வழக்கின் நிலையை வீட்டிலிருந்தே அறிய services.ecourts.gov.in தளம் இருக்கிறது. வழக்குக்கென உள்ள 16 இலக்க CNR எண்ணை இட்டால் அடுத்த வாய்தா தெரியும்; முடிந்திருந்தால் தீர்ப்பு நாளும் தெரியும். வழக்கு எண், ஆண்டு, தரப்பினர் பெயரை அங்கே சரிபார்த்து எழுதுங்கள். எண் பிழையானால் நகல் மனு திரும்பி வந்துவிடும். அங்கே தீர்ப்பு பதிவேற்றப்பட்டிருந்தால் அதைப் படித்து மேல்முறையீட்டை எழுதத் தொடங்கலாம். ஆனால் அந்த அச்சு சான்றிட்ட நகல் ஆகாது.

முதல் தகவல் அறிக்கையைப் பொறுத்தவரை, புகார் தந்தவருக்கு நகல் இலவசம். இது சட்டப்படியான உரிமை. மற்றவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் eservices.tnpolice.gov.in தளத்தில் தேடலாம். பாலியல் குற்றம், போக்சோ போன்ற வழக்குகளின் அறிக்கை இணையத்தில் வராது. அப்படிப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் குற்ற எண்ணுடன் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம்.