உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள்

"எங்க நாய் யாரையும் கடிக்காது டாக்டர். திடீர்னு கடிச்சிடுச்சு." குழந்தையின் கன்னத்தில் தையல் போட்ட மறுநாள் நாயை என்னிடம் கூட்டி வருபவர்கள் சொல்வது இதைத்தான். இந்த வாரமும் கேட்டேன். கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன்: திடீரென்று கடிக்கும் நாய் மிகவும் அபூர்வம். நாய் பலமுறை சொல்லியிருக்கும், வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்த வாரம் வந்த நாய்க்கு ஏழு வயது, குழந்தைக்கு ஒன்றரை வயது. "ரெண்டும் எவ்வளவு பாசமா இருக்கும் பாருங்க" என்று, கடிப்பதற்குச் சில நாள் முன்பு எடுத்த வீடியோவைக் காட்டினார் அம்மா. படுத்திருக்கும் நாயின் கழுத்தைக் குழந்தை கட்டிப்பிடிக்கிறது. நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்புகிறது. குழந்தை விடவில்லை. நாய் தன் மூக்கை நக்குகிறது, தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறது. காதுகள் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன. தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் குழந்தையைப் பார்க்கிறது. கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. கடைசியில் வாயை மூடி, உடம்பை அப்படியே விறைப்பாக நிறுத்துகிறது. அந்த விறைப்புக்கு அடுத்தது பெரும்பாலும் கடிதான். அன்று யாரோ கூப்பிட்டதால் குழந்தை எழுந்து போய்விட்டது. பின்னணியில் பெரியவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது.

நாயைச் சோதித்தேன். ஒரு காது உள்ளே சிவந்து, வீங்கி, சீழ் பிடித்திருந்தது. நான் தொட்டாலே துடித்தது. குழந்தை தினமும் கட்டிப்பிடித்தது அந்தப் பக்கத்தைத்தான். (சாதுவான நாயின் குணம் மாறினால் முதலில் காது, பல், மூட்டு ஆகியவற்றில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.)

"இதுக்கு முன்னாடி உறுமியிருக்கா?" என்று கேட்டேன். "ஒருதடவை உறுமுச்சு. நல்லா அடிச்சேன். அப்புறம் உறுமவே இல்ல" என்றார் அப்பா. எனக்குப் பொறுக்காத இடம் இதுதான்.

உறுமல் திமிர் இல்லை. "எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ" என்று நாய் நமக்குப் புரியும்படி சொல்லும் தெளிவான எச்சரிக்கை அது. அதற்காக அடித்தால் காதுவலி போகாது, குழந்தைமேல் இருக்கும் பயமும் போகாது. குழந்தை அருகில் வந்தால் அடி விழும் என்ற பயம்தான் கூடும். உறுமக் கூடாது என்பதை மட்டும் அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். தயவுசெய்து அடிக்காதீர்கள். நாய் உறுமினால் குழந்தையைப் பதறாமல் தூக்கிக்கொண்டு விலகுங்கள். எந்த இடத்தில், எதைச் செய்தபோது உறுமியது என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாலாட்டினால் சந்தோஷம் என்றும் நம்பிவிட வேண்டாம். உடம்பு விறைத்திருக்க, வால் மட்டும் உயர்ந்து வேகமாக ஆடினால் அது நட்பு அல்ல.

குழந்தை தொட்டிலில் இருந்தவரை சும்மா இருந்த நாய், அது தவழத் தொடங்கியதும் மாறலாம். அதுவரை ஒதுங்கிப் படுத்திருந்த மூலைக்கே இப்போது குழந்தை வந்துவிடுகிறதே! அதனால் குழந்தை எட்ட முடியாத ஓர் இடம் நாய்க்கு வேண்டும். இடையில் ஒரு தடுப்புக் கதவு போடுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போதும் நாய் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும். மேலே ஏறுவது, கட்டிப்பிடிப்பது, முகத்தோடு முகம் வைப்பது எதுவும் கூடாது. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் கடி பெரும்பாலும் முகத்திலும் கழுத்திலும்தான் விழுகிறது.

"நான் அதே ரூம்லதான் இருந்தேன்" என்பார்கள். போதாது. கையெட்டும் தூரத்தில், ஃபோனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முடியாதா? சரி, கதவைச் சாத்துங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் "தொடாதே" என்று சொல்லிவிட்டு நம்பியிருக்க முடியாது.

கடித்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய் எதையும் தடவாதீர்கள். ரத்தம் நிற்காமல் கொட்டினால் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு உடனே ஓடுங்கள். மற்றபடி கழுவி முடித்ததும் மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் உள்ள ஊர்களில், தோலைக் கிழித்த கடிக்கு வழக்கமான தடுப்பூசியோடு, காயத்திலும் அதைச் சுற்றியும், ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடச் சொல்வார்கள். முகத்துக் காயத்தில் தாமதம் கூடவே கூடாது. நாயின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்லியிருந்தாலும், அது முடியட்டும் என்று குழந்தையின் ஊசியை நீங்களாகத் தள்ளிப்போட வேண்டாம்.