மார்ச் 31 எப்படி முதலாம் வாரத்துக்குப் போனது?

திருகோணமலையில் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். மார்ச் முடிந்ததும் ஒவ்வொரு கடையிலிருந்தும் எக்செல் கோப்பு வந்து சேரும். இந்த முறை மூன்று கடைகளின் கோப்புகளில் ஒரே பிழை. முதல் இரண்டையும் பேசாமல் திருத்திக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது கடையில் அந்தப் பிழையால் ஒரு பொடியனுக்குக் கொமிசன் நின்றுபோயிருந்தது. இனிப் பேசாமல் இருக்க முடியாது.

அது கட்டடப் பொருட்கள் விற்கும் கடை. கடனுக்குக் கொடுத்த சாமானுக்குக் காசு அறவிட ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் போய்வருவார். ஒவ்வொரு கிழமையும் எவ்வளவு கொண்டுவந்தார் என்று பார்த்துத்தான் கொமிசன். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான 2025/26 நிதியாண்டு அறிக்கையில் கடைசி வாரம் என்று இருந்த 52ஆம் வாரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. "வருசக் கடைசியில ஒருத்தரையும் போய்ப் பாக்கேல்லையோ?" என்று முதலாளி ஏச, தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: "30ஆம் திகதியும் 31ஆம் திகதியும் நான் கொண்டுவந்த செக் எல்லாம் எங்க முதலாளி?"

நியாயமான கேள்வி. மார்ச் 30 இல் 4,80,000 ரூபாய், 31 இல் 6,15,000 ரூபாய் என்று பதிவில் இருக்கிறது. ஆண்டு மொத்தத்திலும் இருக்கிறது. ஆனால் அறிக்கையில் அவை இரண்டும் முதலாம் வாரத்தில் உட்கார்ந்திருந்தன. 2025 ஏப்ரல் முதல் ஐந்து நாளில் வந்த 3,10,000 ரூபாயோடு சேர்ந்து, முதலாம் வாரம் 14,05,000 ரூபாய் என்று வீங்கிப்போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு முதலாளி, ஏப்ரல் தொடக்கம் நல்ல காலம் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தார்!

வார எண்ணுக்கு யாரோ எழுதிக் கொடுத்த சூத்திரம் இது:

```
=IF(WEEKNUM(A2)-13<1, WEEKNUM(A2)+39, WEEKNUM(A2)-13)
```

`WEEKNUM` ஜனவரி 1 இலிருந்து, ஞாயிறில் தொடங்கும் வாரங்களாக எண்ணும். 2025 ஏப்ரல் 1 அதற்கு 14ஆம் வாரம். 13ஐக் கழித்தால் 1. சரி. ஜனவரி வந்தால் கழித்த விடை ஒன்றுக்குக் கீழே போகும், அப்போது 52ஐக் கூட்டிக்கொள் என்கிறது சூத்திரம். அதுவும் ஓடுகிறது. மார்ச் 28 வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் 2026 மார்ச் 29 ஞாயிற்றுக்கிழமை. அன்றே `WEEKNUM` க்கு 14ஆம் வாரம் தொடங்கிவிடுகிறது. 14இல் 13 போனால் 1, கீழே போகவில்லை, 52ஐக் கூட்டவும் இல்லை. நிதியாண்டு நிரலில் 2025/26 என்று சரியாகவே இருக்கிறது. ஆக, மார்ச் 29, 30, 31 மூன்று நாளும் அதே ஆண்டின் முதலாம் வாரத்துக்கு, பன்னிரண்டு மாதம் பின்னால், போய்ச் சேர்ந்துவிட்டன.

இதை ஏன் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை? அறிக்கை அழகாக 52 வாரத்தோடு முடிந்ததால்தான். எனக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். "ஒரு வருசத்துக்கு 52 கிழமை" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாரும் கணக்குக்குள்ளும் கொண்டுவருகிறார்கள். 52ஐ 7ஆல் பெருக்கிப் பாருங்கள், 364. ஆண்டுக்கு 365 நாள். மிஞ்சுகிற ஒரு நாளை எங்கே போடுவீர்கள்? திங்களில் தொடங்கும் வாரங்களாக வெட்டி, ஏப்ரல் 1 இருக்கிற வாரத்தை முதலாவது என்று வைத்தால், எந்த நிதியாண்டும் 52இல் முடியாது. ஏப்ரல் 1 திங்களாகவே இருந்தாலும் 52 முழு வாரம் போக மார்ச் 31 தனியாக நிற்கும், அது 53. லீப் ஆண்டின் பெப்ரவரி 29 உள்ளே வந்து, ஏப்ரல் 1 ஞாயிறாகவும் இருந்தால் 54கூட வரும். 2035/36 அப்படித்தான், அதுவரை நான் இந்தத் தொழிலில் இருப்பேனோ தெரியாது. ஆகவே நிதியாண்டு அறிக்கை 52 வாரத்தில் கச்சிதமாக முடிந்தால் சந்தோசப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

திருத்துவது கஷ்டமில்லை. ஜனவரியை மறந்துவிட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் நிதியாண்டு தொடங்கிய நாளை முதலில் எடுங்கள். திகதி A2 இல் இருந்தால், B2 இல் தொடக்க நாள், C2 இல் ஆண்டின் பெயர், D2 இல் காலாண்டு, E2 இல் வாரம்:

```
B2: =DATE(YEAR(A2)-(MONTH(A2)<4),4,1)
C2: =YEAR(B2)&"/"&RIGHT(YEAR(B2)+1,2)
D2: =INT(MOD(MONTH(A2)-4,12)/3)+1
E2: =INT((A2-B2+WEEKDAY(B2,2)-1)/7)+1
```

31-03-2026 ஐப் போட்டுப் பாருங்கள். தொடக்க நாள் 01-04-2025, ஆண்டு 2025/26, காலாண்டு 4, வாரம் 53 என்று வர வேண்டும். அடுத்த நாளைப் போட்டால் 2026/27, காலாண்டு 1, வாரம் 1. இந்த இரண்டு நாளையும் சோதிக்காமல் தயவுசெய்து ஒருவருக்கும் அறிக்கை கொடுக்காதீர்கள். நடு ஆண்டில் ஒரு திகதியை எடுத்துச் சோதித்துவிட்டு "ஓடுது" என்று சொல்வதில் அர்த்தமில்லை, பழைய சூத்திரமும் நடு ஆண்டில் ஓடத்தான் செய்தது.

ஏற்கெனவே செய்து வைத்த அறிக்கையில் பிழை இருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. பிவட் அட்டவணையில் ஆண்டையும் வாரத்தையும் நிரையில் வைத்து, திகதியை இரண்டு தரம் பெறுமானமாகப் போட்டு, ஒன்றை `Min` ஆகவும் மற்றதை `Max` ஆகவும் மாற்றுங்கள். ஒரு வாரத்தின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் வித்தியாசம் 6 நாளுக்கு மேலே போகக் கூடாது. அந்தக் கடையின் முதலாம் வாரம் 01-04-2025 இல் தொடங்கி 31-03-2026 இல் முடிந்தது. "மொத்தம் சரியாகத்தானே வருது" என்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். பெட்டி மாறிக் கிடந்தாலும் சாமானின் மொத்த எண்ணிக்கை மாறாது.

காலாண்டில் இன்னொரு தொல்லை. பிவட் அட்டவணையில் திகதியைத் தானாகப் பிரிக்க விட்டால், `Qtr1` என்று அது சொல்வது ஜனவரி முதல் மார்ச் வரை. நம் கணக்கில் அது நான்காம் காலாண்டு. வற் காலப்பகுதியும் மார்ச் 31, யூன் 30 என்றுதான் முடிவதால் திகதிகள் பொருந்திவிடும், பெயர்தான் அடிபடும். அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்குவதால், அரச அலுவலகத்தில் "முதலாம் காலாண்டு" என்று கேட்டால் அது வேறு மூன்று மாதம். வெறும் எண்ணை எழுதாதீர்கள், பக்கத்தில் ஜன–மார்ச் என்று மாதத்தையும் எழுதுங்கள்.

முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் மற்ற வாரங்களோடு நேராக ஒப்பிடவும் வேண்டாம். 2025/26 இன் முதலாம் வாரம் ஆறு நாள், 53ஆம் வாரம் இரண்டே நாள். 2026/27 இன் முதலாம் வாரம் புதன் முதல் ஞாயிறு வரை ஐந்து நாள். வாரத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்திருந்தால், அந்த வாரங்களுக்கு நாள் கணக்கில் வகுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில் 53ஆம் வாரத்துக்கு இப்போது 10,95,000 ரூபாய் நிற்கிறது, இரண்டு நாளில். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, நிறுத்தி வைத்த கொமிசனை அந்த மாதச் சம்பளத்தோடு கொடுத்தார்.