12 பிட் என்பது பெட்டியில், 10 பிட் என்பது கையில்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் போர்வெல் மோட்டாருக்கு மைக்ரோகன்ட்ரோலர் வைத்த பேனல் போடுபவர்களிடம் அடிக்கடி வரும் புகார் ஒன்று உண்டு: மோட்டார் நின்றுவிட்டது, டிஸ்ப்ளேயில் மட்டும் 0.08 ஆம்பியர் ஓடுகிறது. கரன்ட்டை அளக்கும் சி.டி. காயிலை மாற்றிப் பார்ப்பார்கள், மாறாது. அது கரன்ட் அல்ல, வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.யின் இரைச்சல்.

கணக்கைப் பார்ப்போம். 3.3 வோல்ட், 12 பிட் என்றால் 4096 படிகள், ஒரு படி 0.8 மில்லிவோல்ட். அளவைப் படியில் பொருத்துவதால் மட்டும் வரும் பிழை 0.29 படி. பிழை இவ்வளவோடு நின்றால்தான் முழு 12 பிட்டும் கிடைக்கும். அப்போது சிக்னல், இரைச்சல் விகிதம் 74 டெசிபல். பலகையில் அளந்தால் 62 வருகிறது என்று வையுங்கள். அலை உருக்குலைவதையும் இரைச்சலோடு சேர்த்து அளந்த இந்த விகிதம்தான் SINAD, உண்மையில் கைக்கு வரும் பிட் எண்ணிக்கைதான் ENOB.

`ENOB = (SINAD − 1.76) / 6.02`

62-ஐப் போட்டால் 10. மீதி 2 பிட் எண்ணில் வரும், ஆனால் தகவல் தராது.

இதை அறிய பெரிய கருவி வேண்டாம். சி.டி.யைக் கழற்றி, உள்ளீட்டை 1.65 வோல்ட் நடுப்புள்ளியோடு சேர்த்து 1000 சாம்பிள் எடுத்து, திட்ட விலக்கம் பாருங்கள். 1.15 படி வந்தால் அது 0.29-ஐப் போல நான்கு மடங்கு. இரட்டிப்புக்கு ஒரு பிட் வீதம் 2 பிட் போயிற்று. 100 ஆம்பியருக்கு முழு வீச்சு வைத்த பேனலில் அந்த 1.15 படிதான் 0.08 ஆம்பியராகத் தெரிகிறது. ஆனால் இச்சோதனை இரைச்சலை மட்டுமே பிடிக்கும். அலை உருக்குலைவது, முழு வீச்சுக்குச் சற்றுக் குறைவான சைன் அலை கொடுத்தால்தான் தெரியும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த நடுப்புள்ளியை. இரண்டு 100 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுவிட்டு, கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டர் வைக்காமல் விட்டிருப்பார்கள். 50 கிலோஓம் வழியாக ஏ.டி.சி.யின் உள் கெப்பாசிட்டர் நேரத்துக்குள் நிரம்பாது. பக்கத்துக் கான்டாக்டர் இரைச்சலும் ஏறும். 10 மைக்ரோபாரட் ஒன்று போடுங்கள், சாம்பிளிங் நேரத்தைக் கூட்டுங்கள். கிளாக் நடுக்கத்தைப் பலர் குறை சொல்வார்கள்; 50 ஹெர்ட்ஸில் அதற்கு வேலையே இல்லை.

நான்கு சாம்பிளைச் சராசரி எடுத்தால் ஒரு பிட் திரும்பும், இரைச்சல் ஒழுங்கற்றதாக இருந்தால் மட்டும். பவர் சப்ளையின் ஸ்விட்சிங்கோடு தாளம் சேர்ந்த இரைச்சல் அப்படிப் போகாது.

இதைவிடப் பெரிய இழப்பு வீச்சில் இருக்கிறது. ஓடும்போது 11 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், ஸ்டார்ட்டில் ஆறு மடங்கு இழுக்கும் என்று 100 ஆம்பியர் வீச்சு வைக்கிறார்கள். ஓட்ட நேர சிக்னல் ஒன்பதில் ஒரு பங்குதான், இன்னும் 3 பிட் போச்சு. மிஞ்சுவது 7-க்கும் குறைவு. சி.டி.யின் கரன்ட்டை வோல்டேஜாக மாற்றும் பர்டன் ரெசிஸ்டரை நான்கு மடங்காக்கி 25 ஆம்பியருக்கு வீச்சை இறக்கினால் 2 பிட் திரும்பும். ஸ்டார்ட்டில் அலையின் தலை வெட்டுப்படும். ஓவர்லோட் கணக்கை அந்தச் சில நொடி கழித்துத் தொடங்குங்கள், வோல்டேஜ் எல்லை மீறாதபடி ஏ.டி.சி. பின்னுக்குக் கிளாம்ப் டயோடு போட மறக்காதீர்கள்.