இறங்கும் வாலும் ஏறும் இலக்கமும்: அடுத்த வரிசைமாற்றத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏழு வெவ்வேறு எண்களை 5,040 விதங்களில் வரிசைப்படுத்தலாம். அவை அனைத்தையும் அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் அடுக்கினால், 3 6 2 7 5 4 1 என்பதற்கு அடுத்து எது வரும்? முழுப் பட்டியலையும் உருவாக்கித் தேடாமல், வேறொரு அணியின் துணையும் இல்லாமல், இருக்கும் அணிக்குள்ளேயே சில எண்களை இடம் மாற்றி விடையைப் பெற முடியும். 1356இல் நாராயண பண்டிதர் எழுதிய கணித கௌமுதியிலேயே இந்த முறையின் வேர் இருக்கிறது.

வரிசையை வலப்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அடுத்த வரிசைமாற்றம் என்பது இப்போதுள்ளதைவிடப் பெரியதாகவும், அப்படிப் பெரியவற்றுள் மிகச் சிறியதாகவும் இருக்க வேண்டும். ஆகவே இடப்பக்க எண்களை முடிந்தவரை தொடாமல் விடுவதே நோக்கம். நம் எடுத்துக்காட்டின் கடைசி நான்கு எண்களான 7 5 4 1 இறங்குவரிசையில் உள்ளன. அந்த நான்கைக் கொண்டு இதைவிடப் பெரிய அடுக்கு எதையும் அமைக்க முடியாது என்பதால், மாற்றம் அந்த வால்பகுதிக்கு உள்ளே மட்டும் நடந்தால் போதாது. வாலுக்கு உடனே முன்னால் நிற்கும் 2 பெரிதாகியே தீர வேண்டும்.

அதன் இடத்துக்கு எது வரலாம்? வாலில் 2ஐவிடப் பெரியவை 7, 5, 4 ஆகியவை. அவற்றுள் சிறியது 4. வால் இறங்குவரிசையில் இருப்பதால், வலக்கோடியிலிருந்து வரும்போது முதலில் எதிர்ப்படும் பெரிய எண்ணே நமக்கு வேண்டிய எண். 2ஐயும் 4ஐயும் இடம் மாற்றினால் 3 6 4 7 5 2 1 கிடைக்கிறது. இடமாற்றத்துக்குப் பிறகும் வால் 7 5 2 1 என்று இறங்குவரிசையிலேயே நிற்பது தற்செயல் அன்று. 4க்கு இடப்பக்கம் இருந்தவை அதைவிடப் பெரியவை, வலப்பக்கம் இருந்தவை 2ஐவிடச் சிறியவை. எனவே 4 நின்ற இடத்தில் 2 சரியாகப் பொருந்திவிடுகிறது. இதனால் வாலை மிகச் சிறிய அடுக்காக்க மறுபடி வரிசைப்படுத்த வேண்டியதில்லை, தலைகீழாகத் திருப்பினாலே போதும். விடை: 3 6 4 1 2 5 7.

```python
def next_perm(a):
    i = len(a) - 2
    while i >= 0 and a[i] >= a[i + 1]:
        i -= 1
    if i >= 0:
        j = len(a) - 1
        while a[j] <= a[i]:
            j -= 1
        a[i], a[j] = a[j], a[i]
    left, right = i + 1, len(a) - 1
    while left < right:
        a[left], a[right] = a[right], a[left]
        left += 1
        right -= 1
    return i >= 0
```

அணி முழுவதுமே இறங்குவரிசையில் இருந்தால், அதாவது ஏற்கெனவே மிகப் பெரிய வரிசைமாற்றமாக இருந்தால், பெரிதாக்கத்தக்க எண் எதுவும் கிடைக்காமல் `i` -1இல் வந்து நிற்கும். அப்போது அணி முழுவதுமே வால்தான். இடமாற்றத்தைத் தவிர்த்துவிட்டு அதே திருப்பும் படியைச் செய்தால், 3 2 1 என்பது 1 2 3 ஆகி, சுற்று முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த நிலைக்கெனத் தனி நிரல் எழுதத் தேவையில்லாதது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். ஆனால் சுற்று முடிந்ததை அழைத்தவருக்குச் சொல்லியாக வேண்டும். அதற்காகவே கடைசி வரி உண்மை அல்லது பொய் என்ற மதிப்பைத் தருகிறது. சி++ மொழியின் `std::next_permutation` செய்வதும் இதையேதான்.

`if i >= 0` என்ற சோதனையை மறந்துவிட்டால் பைத்தானில் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மொழியில் `a[-1]` கடைசி உறுப்பைக் குறிப்பதால், 3 2 1இல் அந்த 1ஐவிடப் பெரியதாக 2 அகப்பட்டு, இரண்டும் இடம் மாறி 3 1 2 ஆகி, பின் முழுதும் திரும்பி 2 1 3 என்ற தவறான விடை அமைதியாக வெளிவரும்.

ஒரே எண் மீண்டும் வரும் அணிகளில் தவறுவது இன்னும் எளிது. 1 5 1ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு அடுத்தது 5 1 1. இரண்டாம் ஒப்பீட்டில் `<=` என்பதற்குப் பதிலாக `<` என எழுதிவிட்டால், வலக்கோடியில் உள்ள 1இலேயே தேடல் நின்றுவிடும். 1ஐ 1உடன் மாற்றி வாலைத் திருப்பினால் 1 1 5 வரும். இது முன்னேற்றமன்று, பின்வாங்கல். அதற்கு அடுத்த அழைப்பில் மீண்டும் 1 5 1 வரும் என்பதால், பொய் மதிப்புக்காகக் காத்திருக்கும் நிரல் முடிவின்றிச் சுற்றும். அணி மாறியதா என்று மட்டும் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் புதிய அடுக்கு பழையதைவிட அகராதி வரிசையில் பெரியதா என்று சோதித்தால் முதல் தவறிலேயே பிடிபட்டுவிடும். விதிவிலக்கு, பொய் மதிப்பு வரும் அந்த ஓர் அழைப்பு மட்டுமே.