வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு ஆர்டிஐ மனுவில் கட்டணம் இல்லை: கேட்டு வாங்கும் முறை

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதைக் கட்ட வேண்டாம் என்பது பலருக்குத் தெரியும். பத்து ரூபாய்க்காகப் பட்டியல் நகல் தேடி அலைவதா என்று நினைத்து, பேசாமல் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. செலவு பத்து ரூபாயோடு நிற்பதில்லை. அதற்குப் பிறகு வரும் நகல் கட்டணம்தான் பெரியது, சலுகையின் உண்மையான பலனும் அதில்தான் இருக்கிறது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7(5) மூன்று கட்டணங்களையும் சேர்த்தே தள்ளுபடி செய்கிறது. முதலாவது மனுக் கட்டணம். இரண்டாவது, தகவல் தயாரானதும் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் கேட்கும் நகல் கட்டணம். மூன்றாவது, அச்சிலோ குறுந்தகடு போன்ற மின்னணு வடிவிலோ தருவதற்கான கட்டணம். ஒன்றிய அரசு அலுவலகங்களுக்கான 2012 விதிகளில் இன்னும் தெளிவாக இருக்கிறது. கோப்பைப் பார்வையிடும்போது முதல் ஒரு மணி நேரத்துக்குப் பின் மணிக்கு 5 ரூபாய் கேட்பார்கள். தபால் செலவு 50 ரூபாயைத் தாண்டினால் மிச்சத்தைக் கேட்பார்கள். இந்த இரண்டுக்கும் விலக்கு உண்டு.

சலுகைக்கென்று தனி விண்ணப்பப் படிவம் கிடையாது, யாரும் அனுமதி தர வேண்டியதும் இல்லை. மனுவோடு சரியான சான்று இருந்தால் சலுகை தானாக வந்துவிடும், இல்லாவிட்டால் வராது. ஆகவே எந்தச் சான்று சரியானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலான மனுக்கள் சறுக்குவதும் இங்கேதான்.

தாசில்தார் தரும் வருமானச் சான்றை இணைப்பவர்கள் அதிகம். ஆண்டு வருமானம் எவ்வளவு குறைவாக எழுதியிருந்தாலும் அது வறுமைக்கோட்டுச் சான்று ஆகாது. கல்வி உதவித்தொகைக்கும் வேறு சலுகைகளுக்கும் அது உதவும், இங்கே உதவாது. அடுத்து ரேஷன் அட்டை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பொது விநியோகம் இருப்பதால், நம் அட்டையில் சில மாநிலங்களைப் போல ‘வறுமைக்கோட்டுக்குக் கீழ்’ என்று அச்சடிப்பதில்லை. முன்னுரிமைக் குடும்பம் என்ற குறியீடு இருந்தாலும் அது வேறு கணக்கு. அந்தியோதயா அட்டை வைத்திருப்பவர்கள் அதன் நகலையும் சேர்த்து வைக்கலாம், வலுச் சேர்க்கும். ஆனால் அதை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம்.

தமிழ்நாட்டின் கட்டண விதிகள் எதை ஏற்கச் சொல்கின்றன என்று பார்த்தால் குழப்பம் தீரும். கிராம சபையும் உள்ளாட்சி அமைப்புகளும் ஒப்புதல் தந்த வறுமைக்கோட்டுப் பட்டியல்தான் அடிப்படை. அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் உள்ள பகுதியை எடுத்து, ‘உண்மை நகல்’ என்று அலுவலர் கையொப்பமும் முத்திரையும் இட்டுத் தந்தால் போதும். கிராமத்தில் இருப்பவர்கள் ஊராட்சிச் செயலரிடமோ ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலோ கேட்க வேண்டும். நகரத்தில் நகராட்சி, பேரூராட்சி, மாநகராட்சி அலுவலகம். அரசு உதவி எதற்காவது முன்பு விண்ணப்பித்தபோது ‘வறுமைக்கோட்டுப் பட்டியல் எண்’ என்று ஒன்றை எழுதியிருப்பீர்கள். பழைய விண்ணப்ப நகலில் அந்த எண் இருந்தால் எடுத்துப் போங்கள். எண்ணைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலை, எண் இல்லாவிட்டால் பதிவேட்டைப் புரட்டித் தேட வேண்டியிருக்கும்.

“லிஸ்ட் இங்க இல்ல, அடுத்த வாரம் வாங்க” என்றே அலைய விடுகிறார்களா? அதற்கும் இதே சட்டத்தில் வழி இருக்கிறது. ஒரே ஒரு முறை 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கே மனுப் போடுங்கள். ‘எங்கள் ஊராட்சியின் வறுமைக்கோட்டுப் பட்டியலில் என் குடும்பப் பதிவு உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும்’ என்று ஒரு வரி போதும். சான்றிட்ட நகல் பெறுவது இந்தச் சட்டம் தரும் உரிமை. ஒரு பக்கம்தான் என்பதால் நகலுக்கு 2 ரூபாய், ஆக மொத்தம் 12 ரூபாய். கையில் வரும் அந்த நகலே உங்கள் சான்று. அதை ஜெராக்ஸ் எடுத்து அடுத்தடுத்த மனுக்களில் இணைக்கலாம். அசலை ஒருபோதும் அனுப்பாதீர்கள், திரும்ப வராது.

பட்டியலில் உள்ள பெயரும் மனுவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று அனுப்பும் முன் பாருங்கள். பட்டியலில் பெரும்பாலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவியோ மகளோ மனுப் போட்டால், உறவைக் காட்டும் குடும்ப அட்டை நகலையும் சேர்க்க வேண்டும். திருமணமாகி வேறு குடும்ப அட்டை வாங்கிவிட்ட மகன், அப்பாவின் பட்டியல் எண்ணைக் காட்டிக் கேட்டால் மறுப்பார்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது.

மனுவில் சலுகையைக் குறிப்பிடும் இடம் முக்கியம். கடைசியில் பொடி எழுத்தில் போடாமல், பெறுநர் முகவரிக்கு அடுத்து, கேள்விகளுக்கு முன்பாகவே எழுதுங்கள். இப்படி இருக்கலாம்:

‘நான் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர். பட்டியல் எண் ____, ஊராட்சி ____. பட்டியலின் சான்றிட்ட நகலை இணைத்துள்ளேன். சட்டப் பிரிவு 7(5)-இன்படி மனுக் கட்டணத்திலிருந்தும் நகல் கட்டணத்திலிருந்தும் எனக்கு விலக்கு உண்டு. தகவல்களின் நகல்களைக் கட்டணமின்றி மேற்கண்ட முகவரிக்கு அனுப்பக் கோருகிறேன்.’

இதில் ‘நகல் கட்டணத்திலிருந்தும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். மனுக் கட்டணத்துக்கு மட்டும்தான் சலுகை என்று நினைக்கும் அலுவலர்கள் உண்டு. தகவல் எதற்கு என்று காரணம் எழுத வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைக் கேட்கவே தடை போடுகிறது. எழுதத் தெரியாதவர் நேரில் போய் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவுவது பொதுத் தகவல் அலுவலரின் கடமை.

ஒன்றிய அரசு அலுவலகம் என்றால் rtionline.gov.in தளத்தில் மனுப் போடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவரா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று தேர்ந்தெடுத்து, சான்றை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். அங்கே ‘இல்லை’ என்று விட்டுவிட்டால் நேரே பணம் கட்டும் பக்கம் வந்து நிற்கும். இணைய மையத்தில் வேறொருவர் நிரப்பித் தரும்போது இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. அருகில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தை மட்டுமாவது பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஊராட்சியில் போட்ட சிமெண்ட் சாலைக்கான மதிப்பீடு, அளவுப் புத்தகம், பில் ஆகியவற்றின் நகலை ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி கேட்கிறார். மனு ஜூன் 3 அன்று அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. மொத்தம் 240 பக்கம். சலுகை கேட்காதவராக இருந்தால், ஜூன் 13 அன்று ‘480 ரூபாய் கட்டுங்கள்’ என்று கடிதம் அனுப்புவார்கள். அந்தக் கடிதம் புறப்பட்ட நாளிலிருந்து அவர் பணம் கட்டும் நாள்வரை, தகவல் தர அலுவலகத்துக்குச் சட்டம் வைத்த 30 நாள் கெடுவில் சேராது. பணம் புரட்ட ஒரு மாதம் ஆனால், அந்த ஒரு மாதமும் அலுவலகத்துக்குக் கூடுதல் அவகாசம். பட்டியல் நகல் இணைத்தவருக்கு இந்த இடைநிறுத்தமே இல்லை. ஜூலை 3-க்குள் 240 பக்கமும் அவர் கைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும்.

சான்றை இணைத்த பிறகும் பணம் கேட்டுக் கடிதம் வந்தால் கோபப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். சும்மா இருந்தால், ‘கட்டணம் செலுத்தவில்லை’ என்று கோப்பை முடித்துவிடுவார்கள். உடனே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். மனு நாள், பட்டியல் எண், பிரிவு 7(5) ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, பட்டியல் நகலை மறுபடியும் வைத்து அனுப்புங்கள். கட்டணம் கேட்கும் கடிதத்தில் தொகை எப்படி வந்தது என்ற கணக்கும், அதை எதிர்த்து யாரிடம் முறையிடலாம் என்ற விவரமும் இருக்க வேண்டும் என்று பிரிவு 7(3) சொல்கிறது. அந்த முகவரிக்கே 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடலாம். தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் ஒன்றிய அரசிலும் மேல்முறையீட்டுக்கு யாருக்குமே கட்டணம் இல்லை. அங்கும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். நியாயமற்ற கட்டணம் கேட்டார்கள் என்பதற்காகவே பிரிவு 18-இன்கீழ் ஆணையத்தில் புகார் தரவும் முடியும்.

தவறு நம் பக்கம் இருந்தால் நிலைமை வேறு. சான்றை வைக்க மறந்திருந்தால் அது கட்டணம் இல்லாத மனு, திருப்பி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு. அதற்கு மேல்முறையீடு போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சான்றை இணைத்துப் புதிய மனுவாகவே அனுப்புவதுதான் வேகமான வழி.

இலவசம் என்பதால் பத்தாண்டுக் கணக்கு முழுவதையும் கேட்பது பெரும்பாலும் பலிக்காது. அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்று சொல்லி, கேட்ட வடிவில் தர மறுக்கப் பிரிவு 7(9) இடம் தருகிறது. நேரில் வந்து கோப்பைப் பார்க்கச் சொல்வார்கள். அதை மறுக்காமல் போய்ப் பாருங்கள், பார்வையிடவும் உங்களுக்குக் கட்டணம் இல்லை. தேவையான பக்கங்களைக் குறித்துக் கொடுத்து, அவற்றின் நகலை மட்டும் கேட்டு வாங்கலாம். வசதியுள்ள ஒருவர் தன் வேலைக்காக உங்கள் பெயரில் மனுப் போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சலுகை உங்களுக்கானது, மனுவுக்குக் கீழே இருப்பதும் உங்கள் கையெழுத்து.

நீதிமன்ற வழக்குக் கட்டுகளின் நகலுக்கு இந்த வழி செல்லாது. அவற்றை உயர் நீதிமன்ற விதிகளின்படிதான் வாங்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அங்கே வருமான வரம்பு உண்டு. ஆனால் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அந்த வரம்பு பொருந்தாது.